அம்மாவின் சட்டைக்கு ஒன்றரை அங்குலம்

உங்கள் அம்மா கப்பல் டிக்கெட் கவுண்டரில் வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் நீங்கள் இரண்டு பேரும் ஊரில் இல்லை. பள்ளி விடுமுறை. வடக்கே ரங்கத் ஊரில் சித்தி வீட்டுக்கு உங்களை பஸ் ஏற்றி அனுப்பியிருந்தோம். அதனால் இந்தக் கதை உங்களுக்குத் தெரியாது. அம்மாவிடம் கேட்டால் சிரித்துக்கொண்டே, அப்பாவையே கேளுங்கள் என்கிறாள். ஏன் என்னைக் கை காட்டுகிறாள் என்று கடைசியில் உங்களுக்கே புரியும். நான் பத்தாவது வரை படித்தவன். படகுக்கு ஃபைபர் ஒட்டுகிற கையால் எழுதுகிறேன். கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் பெண்களின் உடம்பைப் பற்றி வரும். மார்பு என்கிற சொல் பல இடத்தில் வரும். அதைக் கேட்டு நெளிய வேண்டாம். ஒருவருக்குப் பாதம் பெரியதாக இருந்தால் பெரிய செருப்பு வாங்குகிறோம். அதைப் பற்றிப் பேச யாரும் கூச்சப்படுவதில்லை. இதுவும் அப்படிப்பட்ட அளவு விஷயம்தான். இது எனக்கே நாற்பது வயதுக்கு மேல்தான் புரிந்தது. உங்களுக்கு முன்பே புரியட்டும்.

அம்மாவுக்கு வேலை கிடைத்தது தீவுகளுக்கு இடையே ஓடும் ஒரு தனியார் கப்பல் கம்பெனியில். திங்கட்கிழமை சேர வேண்டும். யூனிஃபார்முக்கு இரண்டு சட்டைத் துணி கொடுத்திருந்தார்கள். வெள்ளையில் மெல்லிய நீலக் கோடு. சட்டையைப் பேண்டுக்குள் விட்டுக்கொள்ள வேண்டும், துப்பட்டா கூடாது. அந்தத் துணி இங்கே எந்தக் கடையிலும் கிடைக்காது. மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர வேண்டும். கப்பல் எப்போது வரும் என்று கப்பல் கம்பெனிக்காரர்களுக்கே தெரியவில்லை.

முதல் துணியை பஜாரில் இருக்கும் டெய்லரிடம் கொடுத்தோம். நல்ல மனிதர், என் சட்டையெல்லாம் அவர் தைத்ததுதான். ஆனால் பெண்களுக்கு அளவெடுக்க அவருக்குக் கூச்சம். டேப்பை அவசரமாகச் சுற்றிவிட்டுச் சுவரிலிருக்கும் காலண்டரைப் பார்த்துக்கொண்டே அளவைச் சொன்னார். மார்புச் சுற்றளவு நாற்பத்தொன்று. அதை வைத்து முழுச் சட்டையையும் வெட்டிவிட்டார். தோள்பட்டை முழங்கையை நோக்கி இறங்கிவிட்டது. கழுத்தில் இன்னொரு கழுத்து போகும். திருப்பிக் கொடுத்தோம். தோளையும் பக்கத் தையலையும் பிடித்து இறுக்கிக் கொடுத்தார். இப்போது தோள் சரியாக உட்கார்ந்தது, ஆனால் மூன்றாவது பட்டனுக்கும் நான்காவது பட்டனுக்கும் நடுவே துணி வாயைத் திறந்துகொண்டது.

அது வெள்ளிக்கிழமை சாயங்காலம். அம்மா கண்ணாடி முன்னால் நின்று உள்பக்கமாக ஒரு ஊக்கைக் குத்திப் பார்த்தாள். கையை நீட்டிப் பார்த்தாள். ஊக்கு எட்டிப் பார்த்தது. கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் சத்தம் போடுகிற ஆள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். மெதுவாகத்தான் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் நடப்பாளாம். பிறகு துப்பட்டா. பிறகு கைப்பை. யாரும் ஒன்றும் சொல்லாவிட்டாலும், சொல்லிவிடுவார்களோ என்று எப்போதும் ஒரு கை அங்கேயே இருக்குமாம். இவ்வளவு வருஷம் கூட இருந்த எனக்கு இது தெரியாது. அவள் கைப்பையை அப்படிப் பிடிப்பது அவளுடைய பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன்.

“கவுண்டர்ல உக்காந்து டிக்கெட்டப் பாப்பனா, சட்டையப் பாப்பனா?” என்றாள். “நான் போகலைங்க. திங்கக்கிழமை காலைல போன் பண்ணிச் சொல்லிடுறேன்.”

அந்த வேலைக்கு அவள் எவ்வளவு ஆசைப்பட்டாள் என்று உங்களுக்கே தெரியும். ஹிந்தி, தமிழ், கொஞ்சம் பெங்காலி மூன்றையும் வைத்துக்கொண்டு இண்டர்வியூவில் பொரிந்து தள்ளியவள். ஒரு பட்டன் இடைவெளி அவளைத் திருப்பி அனுப்பப் பார்த்தது.

அந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டு தீதி உள்ளே வந்தார். பெங்காலி அக்கா, உங்களுக்கு சந்தேஷ் இனிப்பு கொடுப்பாரே, அவர்தான். சட்டையைப் பார்க்கவே வந்திருந்தார். பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. மிச்சமிருந்த துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு சட்டைத் துணி இருக்கிறதே, பிறகென்ன என்று கேட்டார். அவர் தன்னுடைய குர்த்தியெல்லாம் தானே தைப்பார். அதற்கு மெயின்லேண்டிலிருந்து தபாலில் பேப்பர் பேட்டர்ன் வாங்கி வைத்திருக்கிறார். பேட்டர்ன் என்றால் துணியின் மேல் வைத்து வெட்டுவதற்காக அளவோடு அச்சடித்த தாள். முன்பக்கம், பின்பக்கம், கை, காலர் என்று ஒரு உறையில் மடித்து வைத்திருக்கும். பெண்கள் சட்டைக்கும் ஒன்று அவரிடம் இருந்தது.

சனிக்கிழமை காலை அந்த உறையோடு வந்தார். அவர் சொன்னதை உங்களுக்குச் சொல்கிறேன், இதுதான் முக்கியம். டெய்லர் எடுத்த அளவு தப்பில்லை, தேர்ந்தெடுத்த இடம் தப்பு. தோளும் கழுத்தும் எலும்பு சம்பந்தப்பட்டவை. மார்பு பெரியது என்பதற்காகத் தோள் எலும்பு பெரியதாகிவிடாது. அதனால் மார்பின் மேல், அக்குளுக்குக் கீழே டேப்பைச் சுற்றி முதலில் ஓர் அளவு எடுக்க வேண்டும். அந்த அளவுக்கு ஏற்ற சைஸை எடுத்துக்கொண்டு, மார்புக்கு எவ்வளவு குறைகிறதோ அதை அந்த இடத்தில் மட்டும் சேர்க்க வேண்டும்.

தீதி அளந்தார். அம்மாவுக்கு மேலளவு முப்பத்தாறு. உறையின் பின்னால் இருந்த பட்டியலில் மேலளவு முப்பத்தாறுக்கான சைஸில் மார்பு முப்பத்தெட்டு என்று போட்டிருந்தது. அம்மாவுக்கு நாற்பத்தொன்று. மூன்று அங்குலம் குறைகிறது. அம்மா ஒரு துண்டுச் சீட்டில் ‘3’ என்று எழுதி மேஜைமேல் வைத்தாள். அந்தச் சீட்டை மறக்காதீர்கள்.

பேட்டர்ன் தாளில் எல்லா சைஸும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கோடு போட்டிருந்தது. அதை வெட்டினால் தீதிக்கு மறுபடி உதவாது. படியெடுக்கக் கெட்டியான பெரிய தாள் வேண்டும். எங்கள் பட்டறையில் பழைய கடல் வரைபடங்கள் கிடந்தன, புதுப் படம் வந்ததும் கழித்துப் போட்டவை. இந்த ஊர் ஈரக்காற்றுக்கும் அந்தத் தாள் துவளாது. ஒன்றைக் கொண்டு வந்து பின்பக்கத்தைத் திருப்பிப் போட்டேன். வளைவுக் கோடுகளைப் படியெடுப்பது என் வேலை. கை வளைவை நான் ஒரே இழுப்பில் வரைந்ததைப் பார்த்துத் தீதி, “வா தாதா”, அதாவது ஆகா அண்ணா, என்று பாராட்டினார். எனக்குத் தலை கொஞ்சம் கனத்துவிட்டது.

எனக்கு அந்த வேலையில் ஒரு விஷயம் உடனே புரிந்தது. ஃபைபர் மேட் தட்டையான பாய் மாதிரி இருக்கும். டிங்கி மாதிரிச் சின்னப் படகின் முன்பக்கம் புடைத்து வளைந்திருக்கும். தட்டையான பாயைப் புடைப்பின் மேல் போட்டால் ஓரத்தில் சுருக்கம் விழும். அந்த இடத்தில் ஒரு முக்கோணம் எடுத்தால்தான் பாய் படகோடு படியும். சட்டையிலும் பக்கவாட்டில் அக்குளுக்குக் கீழே ஒரு முக்கோணம் மடித்துத் தைத்திருக்கும். அதைத்தான் டாட் என்கிறார்கள். தட்டைத் துணிக்குப் புடைப்பைக் கொடுப்பது அந்த டாட்தான். புடைப்பு பெரிதானால் டாட்டும் பெரிதாக வேண்டும். இதை நான் உற்சாகமாக விளக்கினேன். படகு முகப்பு, பாய், முக்கோணம் எல்லாம் கையால் காட்டினேன்.

“நான் என்ன டிங்கியா?” என்றாள் அம்மா.

தீதிக்கு அந்தத் தமிழ் புரிந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நேற்றிலிருந்து இறுகிக் கிடந்த அம்மாவின் முகம் அப்போதுதான் கொஞ்சம் இளகியது. அதற்காக நான் இன்னும் நாலு படகைச் சொல்லியிருப்பேன்.

பெண்கள் இருவரும் உள்ளறைக்குப் போய்த் தாளை உடம்பில் வைத்துப் பார்த்து, மார்பின் உச்சி எங்கே வருகிறதோ அங்கே பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு வந்தார்கள். தீதி அந்தப் புள்ளியிலிருந்து மூன்று கோடுகள் போட்டார். ஒன்று நேராகக் கீழே சட்டையின் விளிம்பு வரை. இன்னொன்று மேலே சாய்ந்து கை வளைவின் கீழ்ப்பகுதி வரை. மூன்றாவது, டாட்டின் நடு வழியாகப் பக்கத் தையல் வரை. பிறகு அம்மா கத்தரிக்கோலை எடுத்தாள். கீழ் விளிம்பிலிருந்து புள்ளி வரை வெட்டி, அங்கிருந்து கை வளைவை நோக்கி வெட்டினாள். கை வளைவில் தையல் வரும் இடத்தில் ஊசிமுனை அளவு தாளை விட்டாள். அது கதவுக்குக் கீல் மாதிரி. வெளி ஓரத்திலிருந்தும் அந்தக் கீல் வரை ஒரு சின்ன வெட்டு கொடுத்தாள். டாட்டின் நடுக்கோட்டையும் பக்கத்திலிருந்து வெட்டிப் புள்ளிக்கு முன்னால் நிறுத்தினாள். அங்கேயும் ஒரு கீல்.

இப்போது தாளின் பக்கப் பகுதியை வெளியே தள்ளினால் நேர்க்கோட்டு வெட்டு பிளந்து மார்புக்கு அகலம் கிடைக்கும். டாட்டும் தானாகவே வாயை அகட்டும். தோளும் கழுத்தும் இருந்த இடத்திலேயே இருக்கும். இதைச் செய்தவன் புத்திசாலி என்று நான் சொன்னேன். இதைச் செய்தவள் என்று அம்மா திருத்தினாள்.

அந்த நேரம் அடுப்பில் குக்கர் கூப்பிட்டது. அம்மா உள்ளே போனாள். தீதி வீட்டில் யாரோ கதவைத் தட்ட, அவரும் போய்விட்டார். நான் தனியாக இருந்தேன். துண்டுச் சீட்டில் ‘3’ என்று இருந்தது. வெட்டிய இரண்டு ஓரங்களையும் ஒன்றுக்கொன்று நேராக வைத்து, நடுவே மூன்று அங்குலம் இடைவெளி விட்டு, அடியில் தாள் வைத்து டேப் ஒட்டிவிட்டேன். பக்கப் பகுதி இறங்கியதால் முன் ஓரம் குட்டையாகத் தெரிந்தது. அதையும் குறுக்கே வெட்டி இறக்கி விளிம்பைச் சமப்படுத்தினேன். தீதி சொல்லிக் கொடுத்தபடிதான். டாட்டின் முனையைப் புள்ளிக்கு ஒரு அங்குலம் முன்னால் நிறுத்தி வரைந்தேன். அம்மா வந்து பார்த்து, பரவாயில்லையே என்றாள்.

நல்ல துணியில் கை வைக்கக் கூடாது, முதலில் சாம்பிள் என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். எனக்கு அது வீண் வேலையாகப் பட்டது. ஆனாலும் பழைய பெட்ஷீட்டை வெட்டினோம். அம்மா மிஷினில் உட்கார்ந்தாள். கையும் காலரும் இல்லாமல் உடம்புப் பகுதி மட்டும் மதியத்துக்குள் தயாராகிவிட்டது.

போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். தோள் அச்சாக உட்கார்ந்திருந்தது. ஆனால் மார்பின் இரண்டு பக்கமும் துணி கூம்பு மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. அதற்குக் கீழே காற்றில்லாத பாய்மரத் துணி போல மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. அம்மா கண்ணாடியைப் பார்த்தாள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

“பாத்தீங்களா. அது பத்தல, இது தொங்குது. தப்பு துணியில இல்லங்க.”

இதைச் சொல்லிவிட்டுச் சட்டையின் முன்பக்கத்தை ஒரு கையால் கூட்டிப் பிடித்துக்கொண்டாள். துண்டுச் சீட்டை எடுத்து மடித்தாள். திங்கட்கிழமை போனைப் பற்றி மறுபடி பேச ஆரம்பித்தாள். இந்த முறை முடிவாகவே பேசினாள். வேலைக்கு வேறு ஆள் கிடைப்பார்கள், அவர்களுக்கும் கஷ்டம் வேண்டாம் என்றாள்.

தீதியைக் கூப்பிட்டு வந்தேன். அவர் குண்டூசிகளை வாயில் வைத்துக்கொண்டு அம்மாவைச் சுற்றி நடந்தார். வலது பக்கம் தொங்கிய துணியைக் கிள்ளி மடித்துக் குத்தினார். இடது பக்கமும் அப்படியே. பிறகு இஞ்ச் டேப்பை மடிப்பில் வைத்தார். இந்தப் பக்கம் ஒன்றரை. அந்தப் பக்கமும் ஒன்றரை. டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“தாதா, கித்னா கோலா?” எவ்வளவு திறந்தீர்கள் என்று கேட்டார்.

மூன்று என்றேன். சீட்டில் அப்படித்தானே இருந்தது.

“பூரே படன் கா தீன்,” என்றார். முழு உடம்புக்கும் சேர்த்துத்தான் மூன்று.

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. பேட்டர்னில் முன்பக்கத்துக்கு ஒரே ஒரு தாள்தான். துணியை இரட்டையாக மடித்து அதன் மேல் வைத்து வெட்டினால் வலது இடது இரண்டும் கிடைத்துவிடும். நான் அந்தப் பாதித் தாளில் மூன்று திறந்ததால் சட்டையில் ஆறு கூடிவிட்டது. படகுப் பட்டறைக்காரனைத் தவிர வேறு யாருக்கும் இந்தத் தப்பு இவ்வளவு நம்பிக்கையோடு வராது. எங்கள் வரைபடத்திலும் பாதிப் படகுதான் இருக்கும். ஆனால் அதில் எழுதியிருக்கும் அகலம் நடுக்கோட்டிலிருந்து அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் உரியது. பாதிப் படத்தில் மூன்று என்றால் அந்தப் பாதிக்கு மூன்று. இருபது வருஷமாக அப்படியே படித்துப் பழகிய கண் அந்தச் சீட்டையும் அப்படியே படித்துவிட்டது. தையல்காரர் டேப் முழு ஆளைச் சுற்றி வருகிறது என்று யோசிக்கவே இல்லை.

இதை அம்மாவிடம் சொல்ல வேண்டும். சொன்னேன். பாதிப் படகு, நடுக்கோடு, ஒரு பக்க அகலம் எல்லாம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். ஊசி குத்தியிருந்த இடத்தில் தடவிப் பார்த்தாள். கண்ணாடியைப் பார்த்தாள். ஊசி குத்தியபடியே சட்டை அவள் உடம்போடு ஏறக்குறையப் படிந்திருந்தது.

“அப்ப என் உடம்புல தப்பு ஒண்ணுமில்ல,” என்றாள்.

“ஒண்ணுமில்ல. என் கணக்குலதான்.”

“அரே, இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் இவ்வளவு நேரம் பொலம்பியிருக்க மாட்டேன்,” என்று சொல்லிவிட்டு, உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். ஊசி குத்தும், எழுந்திரு என்று தீதி கத்தினார். அம்மாவால் எழுந்திருக்க முடியவில்லை. படகுக்காரனைக் கட்டிக்கொண்டால் பாய்மரத் துணியைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும் என்று விட்டு விட்டுச் சொன்னாள். அன்று முழுவதும் என்னை மிஸ்திரி, அதாவது மேஸ்திரி, என்றுதான் கூப்பிட்டாள்.

டேப்பைப் பிய்த்து மூன்றை ஒன்றரையாக்கினோம். கடல் வரைபடத் தாள் என்பதால் கீல் அறுந்துபோகவில்லை. டாட் இப்போது நியாயமான அளவுக்கு வந்தது. முன் ஓரத்தை இறக்கிய அளவும் பாதியாகக் குறைந்தது. அதே பெட்ஷீட்டின் மறு பாதியில் இரண்டாவது சாம்பிள் தைத்தாள். இந்த முறை கூம்பு இல்லை, தொங்கல் இல்லை. இடுப்பில் கூடுதலாக வந்த அகலத்தை மட்டும் பக்கத் தையலில் சரித்துப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு காரியமும் தீதி சொன்னார். பட்டன்களை வழக்கமான இடைவெளியில் வைக்காதே, முதலில் ஒன்றை மார்பின் உச்சிக்கு நேராக வை, மற்றவற்றை அதிலிருந்து மேலும் கீழும் பிரித்துக்கொள் என்றார். இழுப்பு அதிகமுள்ள இடத்தில் பட்டன் இருந்தால் வாய் பிளக்காது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா நல்ல துணியை விரித்தாள். என்னைப் பக்கத்தில் வரவிடவில்லை. கத்தரிக்கோல் துணியில் இறங்கும்போது மட்டும் தாளின் ஓரத்தைப் பிடிக்கச் சொன்னாள், அதுவும் பேசாமல். நீலக் கோடுகள் முன்பட்டியில் நேராக இறங்கும்படி நிதானமாக வெட்டினாள். சாயங்காலம் இஸ்திரி போட்டு மாட்டிவிட்டாள். போட்டுக் காட்டு என்றேன். நாளைக்கு என்றாள்.

திங்கட்கிழமை எனக்கு ஹேடோ துறைமுகம் பக்கம் ஒரு டிங்கி வேலை இருந்தது. அம்மாவைப் பைக்கில் கொண்டுபோய் இறக்கிவிட்டேன். வெள்ளைச் சட்டை, கருநீலப் பேண்ட். வழக்கம்போலக் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் உள்ளே போனாள். எனக்கு மனசு கேட்கவில்லை. வேலையை முடித்துக்கொண்டு, பசையும் தூசியுமாக இருந்த உடுப்போடு டிக்கெட் ஹாலுக்குப் போனேன்.

நல்ல கூட்டம். காலைக் கப்பல் தாமதமாகி, ஆட்கள் கண்ணாடிக்கு முன்னால் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். அம்மா மூன்றாவது கவுண்டரில் இருந்தாள். ஒரு வயதானவருக்கு ஹிந்தியில் ஏதோ விளக்கிக்கொண்டே, பக்கத்திலிருந்த பிரிண்டரிலிருந்து தாள் எடுக்க உடம்பைச் சாய்த்துக் கையை முழுசாக நீட்டினாள். நான் பட்டனைத்தான் பார்த்தேன். அசையவில்லை. அடுத்தவர் பெங்காலியில் கேட்டார், அம்மா எழுந்து நின்று கையை உயர்த்திச் சுவரிலிருந்த நேர அட்டவணையைக் காட்டினாள். அப்போதும் அசையவில்லை. கைப்பை அவள் காலடியில் கிடந்தது. இரண்டு கைகளும் வேலையில் இருந்தன. தன் சட்டையை அவள் ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கவில்லை.

நான் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு கண்ணாடிக்கு முன்னாலேயே நின்றுவிட்டேன் போலிருக்கிறது. பின்னாலிருந்தவர் என்னை இடித்தார். அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கண்ணில் சிரிப்பு தெரிந்தது, ஆனால் முகத்தை ஆபீஸ் முகமாகவே வைத்துக்கொண்டாள்.

“சார், டிக்கெட் வேணும்னா லைன்ல வாங்க. இல்லன்னா தள்ளி நில்லுங்க,” என்றாள். “நெக்ஸ்ட்.”

நான் தள்ளி நின்றேன்.